கிராமக் கிளையே வேண்டும் என்றேன்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். விவசாயப் பட்டத்தோடு, கல்கத்தாவின் டாலிகஞ்சில் பலகாரக்கடை நடத்திய அண்ணனிடம் தங்கி வேலை தேடினேன். ஒரு வங்கியின் விவசாய அலுவலர் வேலைக்கு, "கிராமக் கிளையே வேண்டும்" என்று எழுதிப் போட்டேன்.

"டேய், எல்லாரும் கல்கத்தாவுலயே போடுங்கன்னு கெஞ்சுறாங்க. நீ இப்படிக் கேட்டா சந்தேகப்படுவாங்கடா" என்றார் அண்ணன்.

நேர்முகத்தில் அதுவே நடந்தது.

"போலீசா, காதலா? எதற்குத் தப்பி ஓடுகிறாய்?" என்று வங்காளி அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"பயிர்க்கடன் கொடுக்கும் முன்னால் வயலைப் பார்க்க வேண்டும், சார். பயிர் நிற்கும்போதும் பார்க்க வேண்டும். வயல் இங்கே இல்லையே?"

"சைக்கிள் ஓட்டுவாயா?"

"பஞ்சரும் ஒட்டுவேன், சார்."

அவர் சிரித்துவிட்டார். பர்த்வான் மாவட்டக் கிராமம் ஒன்றில் வேலை கிடைத்தது. "சேத்துல எறங்கவா இவ்வளவு படிச்சே?" என்ற அண்ணன், கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "தம்பி பேங்க் ஆபீசர்" என்றார்.