பின்னலின் ஒரு முனை

அந்த வாரம் முழுக்க ஜோசஃபினுக்குச் சோறு இறங்கவில்லை. பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவள், முப்பத்திரண்டு வயது. ரேடியோ செய்யும் கம்பெனியில் எட்டு வருஷம் கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்துப் பழகிய விரல்கள் அவளுடையவை. அந்த விரல்களை நம்பித்தான் 1963 தொடக்கத்தில் ஊருக்கு வெளியே இருந்த விமானப் பாகச் சோதனைக் கூடத்தில் தற்காலிக வேலை கொடுத்திருந்தார்கள். ஜூலைக் கடைசியில் வேலை நிரந்தரமாகுமா, போய்விடுமா என்பது தெரிந்துவிடும்.

அங்கே அவள் வேலை ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டுவது. தபால்தலை அளவுக் காகிதத்தில் முடிபோன்ற மெல்லிய கம்பி வளைந்து வளைந்து ஓடும். உலோகம் இழுபட்டால் கம்பியும் கூடவே இழுபட்டு, அதன் மின்தடை துளி மாறும். அந்தத் துளி மாற்றம் நூறடி கேபிள் வழியாகக் கருவி அறைக்குப் போய், அங்கே பெரிதாக்கப்பட்டு, காகிதத்தில் பேனாக் கோடாக ஓடும். ஒரு இறக்கையின் அடிப்பக்கத்தில் அப்படிப் பன்னிரண்டு கேஜ்களை அவள் ஒட்டியிருந்தாள். எண்ணெய்ப் பம்ப் ஜாக்கிகளைத் தள்ளும், ஜாக்கிகள் இறக்கையை மேல்நோக்கி வளைக்கும். இறக்கை எவ்வளவு தாங்குகிறது என்பதைப் பன்னிரண்டு கோடுகளும் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை முன்னோட்டத்தில் கோடுகள் ஒன்றும் சொல்லவில்லை. பம்ப் மோட்டாரைப் போட்டதும் பன்னிரண்டு பேனாக்களும் நடுங்கின. ஒல்லியாக ஓட வேண்டிய கோடு விரல் தடிமனுக்குக் கறுப்புப் பட்டையாகிவிட்டது.

"கேஜ் சரியா ஒட்டலை" என்றார் அதிகாரி கஸ்தூரிரங்கன். கெட்டவர் இல்லை, ஆனால் பயந்தவர். வியாழக்கிழமை சோதனையைப் பார்க்க டில்லியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பது அவர் தலையில் கல்லாக உட்கார்ந்திருந்தது. "எல்லாத்தையும் உரிச்சிட்டு மறுபடி ஒட்டும்மா."

"அதுக்கு ஒரு வாரம் ஆகும் சார்."

"அப்போ வேற யாரையாவது பாக்கணும்."

ஜோசஃபின் பயந்தாள். தன் வேலைக்காக மட்டும் அல்ல. சோதனையின்போது ஒவ்வொரு படியிலும் பாரத்தை நிறுத்துவார்கள். மெக்கானிக் டென்சில் இறக்கைக்கு அடியில் தவழ்ந்துபோய், டார்ச் அடித்து, தகடுகளைப் பிணைக்கும் ஒவ்வொரு ரிவிட் ஆணியையும் பார்ப்பான். உள்ளே ஏதாவது விரிசல் விட்டால் கோட்டில்தான் முதலில் தெரியும். அந்தக் கோடே பட்டையாகிப் போனால் டென்சிலுக்கு யார் எச்சரிக்கை சொல்வது?

புதன்கிழமை காலை அவள் முதலில் தன்மேலேயே சந்தேகப்பட்டாள். ஒரு கேஜின் இணைப்பை மட்டும் கழற்றி, அதே மின்தடை உள்ள சாதாரண ரெசிஸ்டர் ஒன்றைக் கேபிளின் முனையில் பற்றவைத்தாள். அது இறக்கையில் ஒட்டப்படவில்லை, காற்றில் தொங்கியது. பம்பைப் போடச் சொன்னாள். அந்தப் பேனாவும் முன்போலவே நடுங்கியது. அப்படியென்றால் குற்றம் பசையில் இல்லை, தன் ஒட்டலிலும் இல்லை. பாதி மூச்சு திரும்பி வந்தது, கேஜை மறுபடி கேபிளில் இணைத்தாள்.

"டென்சில், இந்தக் கேபிளோட பின்னலை எங்கே கட்டினே?"

கம்பிகளைச் சுற்றி, வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுக்கச் செம்பு இழையால் பின்னிய உறை இருக்கும். அதைத்தான் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் ஜோசி. கருவி ரூம்ல ஒண்ணு, இங்கே ஸ்டீல் ஃபிரேம்ல ஒண்ணு. நேத்து கஸ்தூரிரங்கன் அய்யா சொன்னாருன்னு இன்னும் நாலு எடத்துல எர்த் போட்டேன். எர்த் ஜாஸ்தி இருந்தா நல்லதுதானே?"

"அதுக்கப்புறம் நடுக்கம் குறைஞ்சுதா?"

டென்சில் தலையைச் சொறிந்தான். "இல்ல மேன். இன்னும் மோசம்."

கம்பியை அறுக்காமலே மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டரை எலக்ட்ரீஷியனிடமிருந்து வாங்கிக் கேபிள்கள் அனைத்தையும் ஒன்றாக அதன் தாடைக்குள் விட்டாள். பம்ப் ஓடும்போது முள் எழும்பி ஒரு ஆம்பியருக்கு மேலே நின்றது. நிறுத்தினால் பூஜ்யத்துக்கு விழுந்தது. கேஜில் ஓடுவது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

விஷயம் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஃபிரேமுக்கும் மோட்டாருக்கும் கூடத்தின் பின்னால் ஒரு எர்த் குழி, கருவி அறைக்கு வாசல்பக்கம் வேறொரு குழி. மோட்டாரிலிருந்து கசியும் மின்சாரம் பின்குழியில் இறங்கும்போது இரண்டு மண்ணுக்கும் இடையே அரை வோல்ட் வித்தியாசம் ஏற்படுகிறது. இரண்டு முனையும் கட்டப்பட்ட பின்னல் அந்த இரண்டு குழிக்கும் பாலமாகி, மின்சாரம் அதன் வழியே சுற்றுகிறது. காவலுக்குப் போட்ட உறையே இரைச்சலைச் சுமந்துவந்து உள்ளே இருக்கும் கம்பிகளில் ஏற்றுகிறது.

கஸ்தூரிரங்கனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார், ஆனால் அவசரப்பட்டார். "அப்போ கருவிப் பெட்டியோட எர்த்தைப் பிடுங்கிடு. சுத்து அறுந்துடும். ஒரு நிமிஷ வேலை."

"வேணாம் சார்." அவள் விடவில்லை. "அந்தப் பெட்டியில மெயின்ஸ் கரண்ட் இருக்கு. உள்ளே ஏதாச்சும் பழுதாச்சுன்னா, தொடுறவங்க கை அதுலேயே ஒட்டிக்கும். பெட்டிக்கும் மோட்டாருக்கும் எர்த் இருக்கட்டும். பின்னலை மட்டும் இறக்கைப் பக்கம் அவுத்து விடறேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, செய்."

டென்சில் புதிதாகப் போட்ட நாலு எர்த் கம்பிகளையும் உருவினான். ஜோசஃபின் இறக்கைப் பக்கம் ஒவ்வொரு பின்னலையும் கத்தரித்து, எதிலும் படாதபடி ரப்பர் உறை போட்டாள். கருவி அறையில் எல்லாப் பின்னல்களையும் ஒரே செம்புப் பட்டையில் சேர்த்து, அங்கிருந்து ஒரே கம்பியாக எர்த்துக்குக் கொண்டுபோனாள். பம்ப் மோட்டாருக்குப் போகும் தடிக்கேபிளை ஒட்டி ஓடிய தன் கேபிள்களை மூன்றடி தள்ளி மாற்றினாள். மத்தியானச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை.

பம்ப் ஓடியது. பதினோரு கோடுகள் நூலாக ஓடின. ஏழாவது மட்டும் லேசாக அதிர்ந்தது.  கேபிளைத் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தால், அவசரத்தில் அந்தப் பின்னலைக் கருவி அறையிலும் கட்டாமல் விட்டிருந்தாள். எங்கேயும் கட்டாத உறையால் பயன் இல்லை. பட்டையில் சேர்த்ததும் ஏழாவது கோடும் அடங்கியது.

வியாழக்கிழமை டில்லிக்காரர்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாரம் ஐம்பது சதவீதம், அறுபது, எழுபது. ஒவ்வொரு படியிலும் டென்சில் அடியில் போய்விட்டுக் கட்டைவிரலைக் காட்டினான். ஜோசஃபின் காகிதத்தைவிட்டுக் கண் எடுக்கவில்லை. எண்பதில் பாரம் நின்றது. டென்சில் டார்ச்சோடு குனிந்தான். அப்போது ஒன்பதாவது கோடு சட்டென்று ஒரு நெல் அளவுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றது. செவ்வாய்க்கிழமைப் பட்டையில் அது புதைந்தே போயிருக்கும்.

"டென்சில், வெளியே வா!" என்று கத்தினாள். "சார், பாரத்தை இறக்குங்க!"

கஸ்தூரிரங்கன் ஏன் என்று கேட்கவில்லை, கையை உயர்த்தினார். டென்சில் முழங்கையால் தவழ்ந்து வெளியே வந்தான். ஜாக்கிகள் மெல்ல இறங்கின. பாரம் முழுதும் இறங்கிய பிறகு திறந்து பார்த்தார்கள். ஒன்பதாவது கேஜுக்குப் பக்கத்தில் உள்பக்கத் தகடு ஒன்று ரிவிட் துளையிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. 

"கேஜ் சரியா ஒட்டியிருக்குதும்மா" என்றார் கஸ்தூரிரங்கன். அவரால் அவ்வளவுதான் முடிந்தது.

டென்சில் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே நின்றான். "ஜோசி, அந்த சவுண்டு... என் பேரைச் சொன்னியே, அப்படி யாரும் கூப்பிட்டதில்ல மேன்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

சாயங்காலம் சிவாஜிநகரில் பஸ் மாற இறங்கினாள். கூட்டம் தள்ளியது, கண்டக்டர் கத்தினான். அவள் ஏறாமல் ஒரு தூணோடு சாய்ந்து இரண்டு பஸ்ஸை விட்டாள்.

ஜூலைக் கடைசியில் நிரந்தர உத்தரவு வந்தது. அடுத்த இருபத்தாறு வருஷம் அதே கூடத்தில் வேலை பார்த்தாள். புதிதாக யார் கேபிள் கட்டினாலும், பம்பைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பின்னலாகத் தன் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள்.