ஆறு நாள் மழையைப் பங்கு வைத்தது

எனக்கு அவசர புத்தி. எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். சரியாக முடித்தேனா என்று பிறகுதான் பார்ப்பேன். சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் இந்தப் புத்தியோடுதான் மழைக்கணக்கு பார்க்கிறேன்.

மலையுச்சியில் மழை அளக்கும் எந்திரம் ஒன்று இருக்கிறது. சீசன் தொடங்கியதிலிருந்து பெய்த மொத்த மழையைத் தினமும் காலையில் என் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். இன்றைய மொத்தத்தில் நேற்றைய மொத்தத்தைக் கழித்தால் ஒரு நாள் மழை. கடைசி மூன்று நாள் மழை இருநூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் சரிவுக்கு அடியில் வரிசை வீடுகளாக இருக்கும் கீழ் லயத்துக் குடும்பங்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

அந்த வருஷம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் இடி விழுந்து செல்போன் டவர் போயிற்று. கம்ப்யூட்டரில் வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து கட்டங்கள் காலி. காலியைக் கம்ப்யூட்டர் சைபராக எடுத்துக்கொண்டு, ஆபத்தில்லை என்று பச்சையே காட்டியது. நானும் பச்சையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். என் மடத்தனம்.

செவ்வாய் காலை டவர் வந்தது. எந்திரம் பேட்டரியில் எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, அனுப்பத்தான் வழியில்லை. மொத்தம் ஒரேயடியாக 364 கூடியிருந்தது. அத்தனையும் செவ்வாய் ஒரே நாள் மழையாக விழுந்து, சிவப்பு எரிந்தது.

மேனேஜர் போனில் சிரித்தார். "ஒரு நாள்ல முந்நூத்தி அறுபத்தி நாலா? ஆறு நாளுக்கும் சமமா பிரிச்சுப் போடு."

பிரித்துப் போட்டேன். நாளுக்குச் சுமார் அறுபத்தொன்று. சீசன் மொத்தம் புள்ளி பிசகாமல் நின்றது. மூன்று நாள் கூட்டல் 182. மறுபடி பச்சை. காரியம் முடிந்தது என்று டீ வாங்கிவரச் சொன்னேன்.

அப்போதுதான் நர்சரி அக்கா வந்தார். நாற்றுப் பண்ணையில் வேலை. மழை அளக்கும் பழைய தகர டப்பாவில் விழுந்த தண்ணீரைக் காலையில் அளவு கிளாசில் ஊற்றி, நோட்டில் எழுதுவதும் அவர்தான். வீடு கீழ் லயத்தில். பிறந்து பன்னிரண்டு நாளான பிள்ளையோடு அவர் மகளும் அங்கே இருந்தாள்.

"சாரே, நாங்க ஸ்கூலுக்குப் போவணுமா?"

"வேண்டாங்க்கா. கணக்கு பாத்தாச்சு."

"எப்படி வேண்டாம்ங்கிறீங்க? நேத்து மட்டும் ஒம்போது கிளாஸ் ஊத்துனேன். ஒரு கிளாஸ் இருவது மில்லிமீட்டரு."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். வியாழன் 15, வெள்ளி 20, சனி 25, ஞாயிறு ஒன்றுமில்லை, திங்கள் 180, செவ்வாய் 120. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை மழையே இல்ல. மறுநாள் எப்படி நூத்தியெம்பது வரும்? பதினெட்டுக்குப் பக்கத்துல ஒரு சைபரைக் கூடப் போட்டுட்டீங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஞாயித்துக்கிளமை எல்லாரும் சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருவோம். யாரு வந்து ஊத்துவா? திங்கக்கிளமை ஊத்துறது ரெண்டு நாளு மளை. எப்பவும் அப்படித்தான். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. இத்தனை வருஷமாக அந்த நோட்டை நான் திறந்ததே இல்லை.

அவர் எழுதியதை எல்லாம் கூட்டினேன். 360. எந்திரம் சொன்னது 364. பதினெட்டு என்று வைத்தால் வெறும் 198தான் வரும். மீதி மழை எங்கே போயிற்று? அக்காவின் நோட்டுதான் சரி.

நான் பங்கு வைத்ததை எல்லாம் அழித்தேன்; 364 மறுபடி செவ்வாய்க்கே போயிற்று. எந்திரத்தின் 364 ஏற்கெனவே மொத்தத்தில் இருந்தது. அதன் மேலேயே நோட்டையும் ஏற்றினால் ஒரே மழை இரண்டு தடவை பெய்ததாகிவிடும். அதனால் அதைச் செவ்வாயிலிருந்து எடுத்துவிட்டு, நோட்டில் இருந்ததை அந்தந்த நாளில் போட்டேன். ஞாயிறுக்குச் சைபர் போடாமல் திங்களோடு சேர்த்து, இரண்டு நாளுக்கு 180 என்று எழுதினேன். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஓரத்தில் குறித்துக்கொண்டு வியாழனிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட்டேன். ஓரத்து நான்கையும் சேர்த்தால் சீசன் மொத்தம் எந்திரம் சொன்னதோடு ஒத்துப்போனது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மட்டும் முந்நூறு.

"போங்கக்கா. இப்பவே எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

மத்தியானத்துக்குள் லயம் காலியானது. நான்கு மணிக்குச் சரிவு இறங்கியது. அக்கா வீட்டுப் பின்சுவர் உள்ளே சாய்ந்து, தொட்டில் கட்டியிருந்த இடம் வரை சேறு நின்றது. பிள்ளை பள்ளிக்கூட பெஞ்சில் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் பலர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கணக்கு பார்த்துக் காப்பாற்றினேனாம். அக்கா பக்கத்திலேயே நின்றார். முதலில் போக வேண்டாம் என்று நான் சொன்னதை அன்றும் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.