வெட்டாமல் விட்ட சொல்

உதவிப்பணப் படிவத்தில் ‘பொருத்தமற்றதை வெட்டிவிடுக’ என்றிருந்தது. ஆண், பெண்: ஆணை வெட்டினேன். விவாகமாகாதவர், விவாகமானவர், விதவை: முதலாவதை வெட்டியதும் பேனை நின்றுவிட்டது. கிளாலிக் கடலேரியைக் கடந்து கொழும்புக்குப் போன என் கணவரைப் பற்றி ஒரு வருசமாய்த் தகவலே இல்லை. காணாமல் போனவரின் மனைவிக்கு அந்தக் கடதாசியில் இடம் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

“ரெண்டையும் விட்டால் படிவம் திரும்பி வரும்,” என்றார் கிளாக்கர். “விவாகமானவர் எண்டால் கணவரின்ரை கையெழுத்து வேணும். விதவை எண்டால் ஊர் விதானையாரின்ரை கடிதம் மட்டும் இருந்தால் காணும்.”

பக்கத்தில் மாமி, என் கணவரைப் பெற்றவர். அவர் பார்த்திருக்க எதை வெட்டுவது? பின்னால் வரிசை முணுமுணுத்தது.

மாமி என் பேனையைப் பறித்தார். ‘விவாகமானவர்’ என்பதைத் தானே வெட்டினார். “பிள்ளையளுக்குப் பால்மா வேணும்,” என்றார்.

வெளியே வந்ததும் பொட்டை அழிக்கக் கையெடுத்தேன். மாமி மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

“உந்தப் பொட்டை ஆர் அழிக்கச் சொன்னது? நான் வெட்டினது கடதாசியிலை.”

இத்தனை வருசமாகியும் என் கணவர் இன்னும் வரவில்லை. மாமியும் கண்ணை மூடிவிட்டார். காலையில் பொட்டு வைக்கும்போது மணிக்கட்டில் அந்தப் பிடி இருக்கிறது.