மறைத்து வைத்த வீடியோ

ராயபுரத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறேன். அதையே வீடியோ எடுத்து யூடியூப்பில் இலவசமாகப் போட்டு வந்தேன். கட்டண கோர்ஸ் தொடங்கிய அன்று, சும்மா கிடைத்தால் எவன் சேருவான் என்று, டீசல் குழாயில் புகுந்து இன்ஜினை நிறுத்திவிடும் காற்றை வெளியேற்றும் வீடியோவை மறைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு படகு டிரைவர் பட்டறைக்கு வந்தார்.

“இன்னா நைனா, அந்த வீடியோ காணோம்? டவுன்லோட் பண்ணி வச்சிகினு இருந்தேன். நடுக்கடல்ல இன்ஜின் நின்னுபோச்சு, போன தொறந்தா இல்ல. வேற படகு வந்து இஸ்துகினு வந்துச்சி.”

வீடியோவைப் போட்டவன் மறைத்துவிட்டால், யூடியூப்பில் டவுன்லோட் செய்து வைத்த பிரதியும் போனுக்கு அடுத்து இன்டர்நெட் கிடைத்தவுடன் அழிந்துவிடும். எனக்குத் தெரிந்ததுதான்.

“கோர்ஸ்ல கீது,” என்றேன். அவர் போனைத் திறந்து, காலியாகக் கிடந்த டவுன்லோட் பட்டியலை என் முன் நீட்டினார்.

அவர் எதிரிலேயே வீடியோவைத் திரும்பப் போட்டேன். வெட்கமோ வருத்தமோ வரவில்லை. சேருகிறவர்கள் தங்கள் இன்ஜினைப் படமெடுத்து அனுப்பினால் நானே பார்த்துத் தவறு சொல்வேன் என்று கோர்ஸ் பக்கத்தை மாற்றி எழுதினேன். விற்க என்னிடம் இருந்தது அதுதான்.

அவர் மறுபடி டவுன்லோட் செய்யவில்லை. என் போனில் அந்த வீடியோவை ஓடவிடச் சொல்லி, அது ஓடி முடியும்வரை திரையைத் தன் போனில் வீடியோ எடுத்தார்.

“மறுபடி தூக்கிட்டீன்னா?”

ஆடாமல் இருக்க, என் போனை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.