விடைக்குறிப்பில் இல்லாத வளர்ச்சி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் தெரியும், கல்லூரியில் தெரியும், சேலத்தில் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வருகிற எல்லா ஊர்ப் பொருளாதார ஆசிரியர்களுக்கும் தெரியும். நாலைந்து வருடமாக அங்கே நான்தான் தலைமைத் தேர்வாளர். விடைக்குறிப்பு, எங்கள் பேச்சில் கீ, தயாரிப்பது என் வேலை. ஏழு பேர் அதைப் பார்த்துத் திருத்துவார்கள். திருத்தியதில் சிலவற்றை எடுத்து நான் மறுபடி பார்ப்பேன்.

முதல் நாள் காலையில் விடைக்குறிப்பை எல்லோரும் உட்கார்ந்து விவாதிக்க வேண்டும் என்பது விதி. நான் அதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். அதன் நகல்களைக் கையில் கொடுத்து, "படிச்சுக்குங்க, சந்தேகம் இருந்தாக் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே விடைத்தாள் கட்டுகளைப் பிரிக்க ஆரம்பிப்பேன். ஒரு வருடம் ஒருவர் ஏதோ கேட்க வாயெடுத்தபோது, "கீ போட்டவளுக்குத் தெரியாதுங்களா?" என்று வெடுக்கென்று சொல்லியிருக்கிறேன். அதன்பின் யாரும் கேட்டதில்லை. நான் தெளிவாக எழுதுவதால்தான் சந்தேகம் வருவதில்லை என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் முதுகலைக் கடைசிப் பருவத்துக்கு வளர்ச்சிப் பொருளாதாரத் தாள். பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று: சில நாடுகள் செல்வம் சேர்ப்பதற்கும் சில நாடுகள் பின்தங்குவதற்கும் நிறுவனங்கள் எவ்வாறு காரணமாகின்றன? இங்கே நிறுவனம் என்றால் கட்டடமோ கம்பெனியோ அல்ல. ஒரு நாட்டில் யார் தொழில் தொடங்கலாம், சம்பாதித்தது கையில் நிற்குமா, வழக்குப் போட்டால் நியாயம் கிடைக்குமா, ஆள்பவரை யாராவது தட்டிக் கேட்க முடியுமா என்று தீர்மானிக்கும் விதிகள். கதவு எல்லோருக்கும் திறந்திருந்தால் அவை உள்ளடக்கும் நிறுவனங்கள். ஒரு சிறு கூட்டம் மற்றவர் உழைப்பைப் பிடுங்கிக்கொள்ளும்படி அமைத்திருந்தால் சுரண்டும் நிறுவனங்கள். பதினெட்டு வருடமாக இதைச் சொல்லித் தருகிறேன். தென்கொரியா, வடகொரியா என்று கரும்பலகையில் நடுவே கோடு போட்டால் வகுப்பு முடிந்தது.

விடைக்குறிப்பையும் அப்படித்தான் எழுதியிருந்தேன், நாமக்கல்லில் இருந்து வரும் பேருந்தில், மடியில் வைத்து. விளக்கத்துக்கு இரண்டு, ஒப்பீட்டுக்கு நான்கு, எடுத்துக்காட்டுக்கு இரண்டு, முடிவுக்கு இரண்டு. எடுத்துக்காட்டுக்கு ஒரு பட்டியல்: இடப்பக்கம் பணக்கார நாடுகள், வலப்பக்கம் ஏழை நாடுகள். முடிவுக்கு ஒரே வரி: சுரண்டும் நிறுவனங்கள் உள்ள நாட்டில் வளர்ச்சி இராது. அதன் கீழே அடிக்கோடு போட்டு, மாற்றி எழுதினால் மதிப்பெண் இல்லை என்று சேர்த்திருந்தேன். அந்த அடிக்கோடு என் குணம்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன், மூன்று மதிப்பெண்ணில் தவறிய ஒரு தாள் என் மேசைக்கு வந்தது. எழுபத்தைந்துக்கு முப்பத்தெட்டு எடுத்தால் தேர்ச்சி. இதில் முப்பத்தைந்து. பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆளை மறைக்கப் போடும் டம்மி நம்பர் மட்டும். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. திருத்தியவர் ஆத்தூர்க் கல்லூரி ஆசிரியர், அதிகம் பேசாத மனிதர். அந்தப் பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று போட்டிருந்தார்.

விடையைப் படித்தேன். தமிழில், குண்டு குண்டான எழுத்தில் இப்படி இருந்தது: "சுரண்டும் நிறுவனங்கள் இருந்தாலும் சிறிது காலம் வளர்ச்சி வரும். எங்கள் சித்தப்பா போர்வெல் வண்டியோடு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் ஆறு வருடம் இருந்தார். அங்கே சுரங்கத்தால் நாட்டு வருமானம் ஏறிக்கொண்டே போனது. ஆனால் துளை போட அனுமதி, அமைச்சருக்கு வேண்டியவர்களுக்கு மட்டும். சித்தப்பா இரண்டாவது வண்டி வாங்கவில்லை. வாங்கினால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். அங்கே உள்ளவர்களும் அப்படியே பயந்தார்கள். புதிதாக யாரும் எதையும் தொடங்காததால் அந்த வளர்ச்சி நிலைக்காது. புதுத் தொழில் வந்தால் பழைய ஆட்களின் அதிகாரம் போய்விடும் என்பதால் ஆள்பவர்களே அதைத் தடுப்பார்கள்."

அடுத்த பத்தியில் சோவியத் நாடும் வந்தது. விவசாயத்தில் இருந்த ஆட்களைக் கனரகத் தொழிலுக்குத் திருப்பி, பல ஆண்டுகள் வேகமாக வளர்ந்து, பிறகு தேங்கிப்போன கதை.

அது முழுக்கச் சரி. இந்தக் கோட்பாட்டை முதலில் எழுதிய அறிஞர்கள் சொன்னதே அதுதான். சுரண்டும் அமைப்பிலும் வளர்ச்சி வரலாம், நிலைக்காது. வகுப்பில் நேரம் போதாமல் நான் சுருக்கிச் சுருக்கி, வராது என்று ஆக்கிவிட்டேன். சுருக்கியதை நானே நம்பி, அடிக்கோடும் போட்டுவிட்டேன். திருச்செங்கோட்டில் என் பிறந்த வீட்டுத் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது போர்வெல் ரிக் வண்டியோடு வெளிநாடு போய் வந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன கதையை எத்தனையோ கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் அது பாடம் என்று தோன்றியதில்லை.

பட்டியலை மறுபடி பார்த்தேன். வெட்கமாகப் போயிற்று. பணக்கார நாடுகளை எல்லாம் உள்ளடக்கும் பக்கம் போட்டிருந்தேன், எண்ணெயால் பணம் குவித்த ஒரு முடியாட்சி உட்பட. ஏன் பணக்கார நாடு? நல்ல நிறுவனங்கள் இருப்பதால். நல்ல நிறுவனங்கள் இருப்பது எப்படித் தெரியும்? பணக்கார நாடாக இருப்பதால். முதலாண்டு மாணவர் இப்படி எழுதினால் நான் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

ஆத்தூர்க்காரரைக் கூப்பிட்டேன்.

"சார், இந்த ஆன்சர் சரிதானுங்களே?"

"சரிதான் மேடம்."

"அப்பறம் எதுக்குங்க மூணு போட்டீங்க?"

"கீ-ல மாத்தி எழுதுனா மார்க் இல்லன்னு போட்டிருக்கு மேடம்."

"கீ தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து காலையிலயே."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க?"

"சொல்லி என்ன மேடம் ஆவப் போவுது? மூணு வருசம் முன்னாடி ஒருத்தர் கேட்டாரே, அது நான்தான்."

அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அவர் முகம்கூட எனக்கு நினைவில் இல்லாமல் போயிருந்தது. அந்தச் சித்தப்பா இரண்டாவது வண்டி வாங்காததும், இவர் இரண்டாவது முறை வாய் திறக்காததும் ஒரே காரணத்தால் என்று எனக்கு அங்கேயே விளங்கியது. பதினெட்டு வருடம் சொல்லித் தந்த பாடம், என் மேசைக்கு முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டிருந்தது.

தப்பிக்க வழி இருந்தது. அந்த ஒரு தாளின் மதிப்பெண்ணைத் திருத்தி, கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் உண்டு. முகாம் அலுவலரிடம் போய்ச் சொன்னபோது அவரும் அதைத்தான் சொன்னார். சங்ககிரிக்காரர், நல்ல மனிதர், கட்டுகள் நேரத்துக்கு முடிந்தால் போதும் அவருக்கு.

"ஏனுங்க மேடம், இதுக்குப் போயி திருத்துன கட்டையெல்லாம் திரும்பப் பிரிக்கோணுமுங்களா? அந்த ஒண்ண மட்டும் மாத்தி உட்ருங்க. ஆருக்குத் தெரியப் போவுது?"

"என் கைக்கு வந்தது ஒண்ணுதானுங்க. வராதது எத்தனைன்னு தெரியலீங்களே."

"பிரிச்சா காரணம் எழுதோணுமுங்க. உங்க பேருலதான் வரும்."

"எழுதறேனுங்க."

காரணம் என்ற கட்டத்தில், விடைக்குறிப்பில் பிழை, தயாரித்தவர் தலைமைத் தேர்வாளர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அறைக்குத் திரும்பி ஏழு பேர் முன்னால் நின்றேன். "கீ தப்புங்க. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். திருத்துன எல்லாத்துலயும் அந்தக் கேள்விய மட்டும் மறுபடி பாக்கோணும்" என்றேன். முணுமுணுப்பார்கள், ஒன்றரை நாள் வேலை வீண் என்று முகம் சுளிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

யாரும் சுளிக்கவில்லை. ஓமலூர்க் கல்லூரி அம்மா ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெரிதாக மூச்சு விட்டார். "அப்பாடா! நேத்தெல்லாம் சரியா எழுதுன புள்ளைங்களுக்கு முட்டை போட்டுப் போட்டு எனக்குச் சோறே எறங்கல மேடம்" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன். தப்பை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று இத்தனை வருடம் தூக்கிச் சுமந்த மூட்டை, இறக்கி வைத்தபோதுதான் எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

புது விடைக்குறிப்பை எட்டுப் பேரும் சேர்ந்து எழுதினோம். பட்டியல் போயிற்று. எந்த நாட்டைச் சொன்னாலும், அங்கே விதிகள் எப்படி என்று காட்டினால் மதிப்பெண். வளர்ச்சி வராது என்று எழுதியவர்களுக்கு என்ன செய்வது என்று சண்டையே நடந்தது. அவர்கள் என்னைப் போன்ற ஆசிரியர்களிடம் படித்தவர்கள், அவர்கள் மேல் தப்பில்லை என்று ஆத்தூர்க்காரர் வாதாடி, அவர்களுக்கு ஒன்றும் குறையாமல் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் மணி ஆறுக்குள் எல்லாக் கட்டும் முடிந்தது. அந்தத் தாளுக்கு எட்டு வந்தது. முப்பத்தைந்து நாற்பது ஆயிற்று. அதுபோல இன்னும் பதினோரு தாள்கள் தேறின. என் மேசைக்கே வராத தாள்கள். அன்று நான் அதிகாரத்தைக் காட்டி ஒன்றை மட்டும் திருத்தியிருந்தால், இந்தப் பதினோரு பேரும் தாங்கள் எழுதியது தப்பு என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்திருப்பார்கள். நாமக்கல் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராசிபுரம் தாண்டும்வரை அந்த எண்ணம் உடம்பைக் குளிரவைத்தது, அதன்பின் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் பொது நிதித் தாள். விடைக்குறிப்பைக் கொடுத்துவிட்டு, கட்டுகளைத் தொடாமல் உட்கார்ந்தேன். "தப்பு இருந்தாச் சொல்லுங்க" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஆத்தூர்க்காரர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், மூணாவது கேள்வியில ஒண்ணு இருக்கு. அஞ்சாவதுல ரெண்டு."