மூன்று தவணை பாக்கி

அப்பா முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினார். ஏறுகிறவர்கள் ஏதாவது பேச்சைத் தொடங்குவார்கள். அது முடிவதற்குள் அவர்களுடைய மாடி வந்துவிடும். பாதி ஊர் கதை தெரியும், ஒன்றுக்கும் முடிவு தெரியாது என்பார்.

அம்மா போன பிறகு வங்கியில் ஓர் ஆர்.டி. தொடங்கினார். மாதம் இரண்டாயிரம், மூன்று வருஷம், ஆறு சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி. எதற்கு என்று கேட்டேன்.

"முடியட்டும், சொல்றேன்."

நான் வேறு ஊரில் பொறியாளர். போனில் கணக்கை விளக்கினேன். முதல் தவணைக்கு முப்பத்தாறு மாத வட்டி, கடைசித் தவணைக்கு ஒரே மாத வட்டி. கட்டுவது எழுபத்திரண்டாயிரம், முதிர்வில் வருவது 79,028. அந்த எண்ணை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

முதல் காலாண்டில் வட்டி அறுபது. இரண்டாவதில் ஏறக்குறைய நூற்றைம்பத்தொன்று. எப்படி என்றார். பழைய ஆறாயிரத்துக்குத் தொண்ணூறு, புதிய மூன்று தவணைக்கு அறுபது, போன தடவை சேர்ந்த அறுபது இருக்கிறதே, அதற்குத் தொண்ணூறு காசு.

"அந்தத் தொண்ணூறு காசுக்கு நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடலம்மா." வெகுநேரம் சிரித்தார். போனை வைக்க மனமில்லாதவர் போல.

முப்பத்து மூன்றாவது தவணை கட்டிய வாரம், தூக்கத்திலேயே போய்விட்டார்.

நாமினி நான். அப்பா மாதாமாதம் பணம் கட்டிய கவுன்ட்டரில் இருந்த பெண் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். இப்போதே முடித்தால் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் பிடிப்பார்களாம், ஆறுக்குப் பதில் ஐந்துதான். மீதி மூன்று தவணையை நான் கட்டினால் முழுத் தொகையும் வரும். கூட வந்த சித்தப்பா, "முடிச்சு விடும்மா, இதுக்குன்னு யாரு அலையறது" என்றார். கணக்குப்படி அவர் சொன்னதுதான் சரி. பிடித்தம் ஆயிரத்துச் சொச்சம். என் பயணச் செலவு அதற்கு மேல்.

கட்டுகிறேன் என்றேன். சித்தப்பா வெளியே போய் நின்றுகொண்டார்.

ஒவ்வொரு மாதமும் பஸ் ஏறி வந்து கட்டினேன். இரவு அப்பா வீட்டில் தங்குவேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர் வெளியே இருந்தன. மற்ற பாத்திரங்களை அவர் பரண்மேல் ஏற்றியிருந்தார்.

முதிர்வு நாளில் அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பினார். 79,028.

"இந்தப் பணம் எதுக்குன்னு அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று அவரிடம் கேட்டேன்.

"கேட்டேன். முடியட்டும், சொல்றேன்னார்." கொஞ்சம் தயங்கினார். "உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நினைச்சேன்."

இல்லை என்று தலையசைத்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது.

"உங்க கணக்குல போட்டுடவா?"

"போடுங்க."

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.