நான் மை போட்ட ஏழு

தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூரான பெக்கோக்கில் என் கடையைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அரிசி மூட்டை தூக்கினேன், அடுத்தவர் கடையில் தூங்கினேன், பிறகு சொந்தக் கடை போட்டேன். இன்று மூன்று கடை வீடுகள் என் பேரில் இருக்கின்றன. எவனிடமும் கை கட்டி நின்றதில்லை. என் கணக்கில் ஒரு காசு தவறியதாக ஒருவனும் சொன்னதில்லை என்று எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொல்வேன். கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குச் சலித்திருக்கும். இந்த எழுத்து அந்தப் பேச்சைப் பற்றியதுதான்.

போன வருடம் மழை தொடங்குகிற சமயம், ஒரு பெண் கால் தாங்கித் தாங்கிக் கடைக்கு வந்தாள். நாற்பத்தெட்டு வயது. ஸ்கூடாய் நகரில் மாணவர்கள் சாப்பிடும் ஒரு கடையில் பாத்திரம் கழுவுகிறவள். தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில், கடைசி லயத்தில் ஏழாம் வீட்டுக்காரரின் மகள் என்று அவள் சொன்னதும் முகம் பிடிபட்டது. அவளுடைய அப்பன் என் கடையில் பற்று வைத்து வாங்கியவர். அப்பன், ஆத்தா, ஒரே அண்ணன் மூவருமே இப்போது இல்லை.

"மாமா, எனக்கு ஐசி இல்ல, அடையாள அட்டையே இல்ல. பொறந்த பத்திரமே எடுக்கல. லயத்துலயே மருத்துவச்சி பார்த்து பொறந்தேன். அப்பா அப்போ மரம் வெட்டுற பலகை காட்டுல இருந்தாங்களாம். யாரும் போயி பதியல."

"இவ்வளவு வருசமா என்னம்மா பண்ணுன?"

"பண்ணாமயா? போயிக்கிட்டேதான் இருக்கேன். ஆதாரம் கேக்குறாங்க. இப்ப காலு வேற இப்படி. சக்கரை. பெரியாஸ்பத்திரியில வெளிநாட்டுக்காரங்க கட்டணம் கட்டச் சொல்றாங்க. நான் எந்த வெளிநாட்டுலேந்து வந்தேன், சொல்லுங்க?"

அவள் சிரித்துத்தான் கேட்டாள். பாதத்தில் சுற்றியிருந்த துணி ஈரமாக இருந்தது.

இப்படிப்பட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன இடம் ஸ்கூடாயில் இருக்கிறது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா அதைப் பார்த்துக்கொள்கிறார். பழைய கடைக் கணக்குப் புத்தகம் கிடைத்தால் கேட்டு வாங்கி வரச் சொன்னது அவர்தான். பிள்ளை பெற்ற வீட்டுக்கு மருந்துச் சாமான் வாங்கியிருப்பார்கள் அல்லவா? அது எந்த வருடம், எந்த வீடு என்று என் புத்தகத்தில் இருந்தால் மனுவோடு சேர்க்கலாமாம்.

என் மார்பு எவ்வளவு அகலமானது என்று சொல்லவா வேண்டும்! "ஏம்மா, எம்புத்தகத்துல இல்லாததா? உங்கப்பன் வாங்குன தீப்பெட்டி வரைக்கும் இருக்கு" என்றேன்.

புத்தகம் இருந்தது. ஆனால் அது பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு வெள்ளத்தில் நனைந்து ஊறிப்போனதை நான்தான் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, கயிற்றில் போட்டு உலர்த்தினேன். பிறகு கோணி ஊசியால் சேர்த்துத் தைத்தேன். அட்டையும் சில தாள்களும் கிடைக்கவில்லை. எந்தத் தாள் முன்னால், எது பின்னால் என்று பார்க்கவும் இல்லை. காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில் தைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தோம். என் எழுத்துதான். 'க.லயம் 7. சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, நல்லெண்ணெய், கருப்பட்டி.' பக்கத்தில் தொகை. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்கிற சாமான் என்பது நம்மவர்கள் எவருக்கும் தெரியும். அந்தப் பெண் விரலால் அந்த வரியைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவே இல்லை.

கைப்பேசியில் நானே எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். கடை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு வாரத்தில் அவர் அழைத்தார்.

"ஐயா, கம்பியூட்டர் முதல்ல ஒரு தடவை படிச்சிருச்சு. அது பாதி தப்பா படிக்குது, கருப்பட்டிய கரும்பலகைங்குது. நான் வரி வரியா படத்தோட ஒப்பிட்டுத் திருத்திக்கிட்டு வர்றேன். ஆனா பன்னண்டு பக்கம் சரியா விழல. உங்க கை நிழலு மூலையில விழுந்திருக்கு. வருசம் அங்கதானே போட்டிருக்கீங்க? அந்தப் பக்கங்கள மட்டும் பகல்ல, சன்னலுகிட்ட வச்சு, நேரா மேலேந்து எடுத்து அனுப்புங்க. நாலு ஓரமும் தெரியணும்."

சரி என்றேன். சன்னலுக்குப் போவதற்கு முன் அந்த ஏழாம் வீட்டுப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மூலையில் வருடத்தின் கடைசி எண் வெளிறிப்போயிருந்தது. ஒரு கோடு தெரிந்தது. மேலே குறுக்குக் கோடு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. என் கணக்கில் இப்படி ஒரு மங்கலா? நாளைக்கு ஓர் அதிகாரி இதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரன் கிறுக்கி வைத்திருக்கிறான் என்று சொல்வானா?

பேனாவை எடுத்தேன். அந்த எண்ணின் மேலேயே நன்றாக அழுத்தி ஏழு என்று போட்டேன். கறுப்பாக, அழகாக இருந்தது. அதைச் சன்னலோரம் வைத்துப் படம் பிடித்து அனுப்பினேன். உதவி செய்துவிட்ட திருப்தியில் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா நேரில் வரச் சொன்னார். பஸ் பிடித்து ஸ்கூடாய் போனேன். அந்தப் பெண்ணும் வேலை உடுப்போடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

மேசைமேல் அச்சடித்த தாள்கள். என் கோழிக் கிறுக்கலெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. படத்தின் எண், வரி எண், தேதி, வீடு, சாமான், தொகை. நான் தப்பாக எழுதியதும் தப்பாகவே இருந்தது. "நான் எதையும் திருத்த மாட்டேன் ஐயா. இருக்கிறது இருக்கிறபடி. படிக்க முடியாததை ஊகிச்சும் போட மாட்டேன். சந்தேகம்னா மஞ்சள். கடைசிக் கட்டத்துல ஏன் சந்தேகம்னு எழுதிருவேன்" என்றார். தொகை மங்கிய வரிகளை மாதக் கடைசியில் நான் போட்ட கூட்டலை வைத்துச் சரிபார்த்திருந்தார். எல்லாம் ஒத்துப்போயிருந்தது.

"பாத்தீங்களா, ஒரு காசு தவறல!" என்றேன்.

"தவறல ஐயா" என்றார். பிறகு ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். ஏழாம் வீட்டு வரி மஞ்சளாக இருந்தது.

"இது ஏன்? அதான் தெளிவா எடுத்து அனுப்புனேனே."

அவர் இரண்டு படங்களையும் கம்பியூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் படத்தில் நிழலுக்குள் ஒரு வெளிறிய கோடு. இரண்டாவதில் என் கறுப்பு ஏழு.

"ஐயா, இது மேல யாரு எழுதுனா?"

"நான்தான். அது ஏழுதான், எனக்குத் தெரியாதா?"

"ஏழுன்னா இவங்க பொறந்த வருசம். ஒன்னுன்னா இவங்க அண்ணன் பொறந்த வருசம். அவருக்கு பத்திரம் எடுத்திருக்காங்க. ரெண்டு பிள்ளைக்கும் அதே வீட்டுக்கு அதே மருந்துதானே வாங்கியிருப்பாங்க?"

அவர் விடாமல் கேட்டார். கிழமை எழுதியிருக்கிறீர்களா? இல்லை. முன் பக்கம், பின் பக்கத்தை வைத்து வருடம் சொல்லலாமா? தாள்களை நான் மாற்றித் தைத்திருக்கிறேன். சாமான் ஒவ்வொன்றின் விலையையும் தனியாகப் போட்டிருந்தால் வருடம் தெரிந்த பக்கங்களோடு ஒப்பிடலாமே? விலையெல்லாம் என் தலைக்குள் இருந்தது, எழுதுவது மொத்தத் தொகை மட்டும். என் கெட்டிக்காரத்தனம் ஒவ்வொன்றும் அந்த மேசையில் ஒரு கதவைச் சாத்தியது.

"மை போடாம இருந்திருந்தா," என்று அவர் மெதுவாகச் சொன்னார், "பக்கவாட்டுல விளக்கு அடிச்சு பாத்திருக்கலாம். மை மங்குனாலும் பேனா அழுத்துன பள்ளம் சில சமயம் தாளுல தெரியும். இப்ப உங்க புது பள்ளந்தான் இருக்கு."

"அந்த மஞ்சள எடுத்துருங்கம்மா. நான் சாட்சி சொல்றேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

"எது ஞாபகம் ஐயா? அவங்க வீட்டுக்கு சாமான் வாங்குனதா, இல்ல அந்த எண்ணா?"

அந்தக் கேள்வி இன்னும் காதில் கிடக்கிறது. யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன். நான் பார்த்ததன் மேல் எழுதினேனா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினேனா? தெரியவில்லை. எழுபத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒருவர் முன்னால் "தெரியலம்மா" என்றேன்.

மஞ்சளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்தான் கேட்டாள்.

"அசல் புத்தகத்தைக் கேப்பாங்க. புது மை பளிச்சுன்னு தெரியும். அப்புறம் உங்க மனு முழுக்கப் பொய்யின்னு ஆயிரும்மா. மனுவோட சேத்த அப்பா ஐசி, கோயில்ல குடுத்த கடுதாசி, எல்லாமே."

அவள் தலையை ஆட்டினாள். "அப்ப மஞ்சளாவே இருக்கட்டும் லா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

அந்த அம்மா சொன்னபடி சத்தியப் பிரமாணம் செய்து வைக்கிறவரிடம் போனேன். 'கணக்குப் புத்தகத்தில் இந்தப் பக்கத்தில் உள்ள ஆண்டின் கடைசி எண்ணின் மேல் நானே அண்மையில் மை போட்டேன். முன்பு என்ன எண் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது.' வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.

சில மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. காட்டிய ஆதாரம் போதாது, வேறு இருந்தால் கொண்டு வரலாம். புத்தகத்தைப் பற்றி ஒரே வரி: ஆண்டு ஐயத்துக்குரியது. அதற்குள் அவளுக்கு இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி கேட்ட முன்பணத்தைப் புரட்டி முடிக்கும்வரை காத்திருந்ததில் புண் ஏறிவிட்டது.

செய்தி கேட்டு ஓர் உறையில் பணம் போட்டுக்கொண்டு அவள் வாடகை அறைக்குப் போனேன். வாசலிலேயே நின்றாள்.

"எவ்வளவு ஆனாலும் நான் கட்டுறேன் ஆயி. கடைய வித்தாலும்..."

"பணத்துக்கா மாமா உங்ககிட்ட வந்தேன்?"

உறையை நீட்டியபடியே நின்றேன். அவள் வாங்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வெயில்ல நிக்காதீங்க, பஸ் போயிரும்" என்றாள்.

போன மாதம் யாருடைய கருமாதிக்கோ பெக்கோக் வந்தவள் கடைக்குள் நுழைந்தாள். கட்டுப் போடும் துணி ஒரு சுருள், ஒரு போத்தல் மருந்துத் தண்ணீர் வாங்கினாள். காசு வேண்டாம் என்றேன். எண்ணி மேசையில் வைத்தாள்.

"ரசீது போடுங்க மாமா."

"இதுக்கா?"

"ஆமா. என் பேர எழுதுங்க. வருசத்த முழுசா எழுதுங்க, நாலு எண்ணும். கிழமையும் போடுங்க."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். சாமான் ஒவ்வொன்றின் விலையையும் தனித்தனியாக எழுதினேன். அவள் மேசையில் சாய்ந்து, நான் எழுதி முடிக்கும்வரை என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.